சொந்த வண்டி வாங்கி ஓட்ட நினைக்கும் ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவர்கள், சொந்தமாக ஒரு டாக்சியோ சிறிய சரக்கு வண்டியோ வாங்கலாமா என்ற யோசனையோடு வரும்போது, ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வண்டி ஓட்டுவது பற்றி அவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தடுமாற்றம் எல்லாம் வாடகை சொல்லும் இடத்தில்தான். அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அதைப் பற்றியது.

ஒரு முன்குறிப்பு. நாட்டுக்கு நாடு பணம் வேறு, வருடத்துக்கு வருடம் விலை வேறு. ஆகவே செலவுகளை எல்லாம் டீசல் லிட்டரில் எழுதியிருக்கிறேன். "260 லிட்டர்" என்றால் 260 லிட்டர் டீசல் வாங்க ஆகும் தொகை என்று பொருள். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன். எல்லா வழியும் தெரியும், வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வேன். இன்னும் என்ன தெரிய வேண்டும்?

உங்கள் வண்டி ஒரு கிலோமீட்டர் நகர என்ன செலவாகிறது, நகராமல் ஒரு மணி நேரம் நின்றால் என்ன செலவாகிறது என்ற இரண்டு எண்கள். சம்பளத்துக்கு ஓட்டும்போது டீசல் போடுவதையும் டயர் மாற்றுவதையும் கண்ணால் பார்த்திருப்பீர்கள். தவணை, காப்பீடு, வரி, வேலையில்லாமல் நின்ற நாள் ஆகியவை முதலாளியின் மேசையிலேயே முடிந்துவிடும்; உங்கள் பார்வைக்கு வந்திருக்காது. "ஒரு டிரிப்புக்கு இவ்வளவு வாங்குகிறார், டீசல் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் அவருக்கு" என்ற கணக்கு அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தக் கணக்கை நம்பி வண்டி எடுத்தவர்கள் முதல் வருடம் நன்றாக ஓட்டுவார்கள். டயரும் காப்பீடும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போதுதான் கடன் கேட்கத் தொடங்குவார்கள்.

டாக்சி நல்லதா, சரக்கு வண்டி நல்லதா?

உங்களை ஏற்கெனவே யார் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். பயணிகள் அழைத்தால் டாக்சி, கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் அழைத்தால் சரக்கு வண்டி. டாக்சியில் பணம் பெரும்பாலும் அன்றன்றே கைக்கு வரும். ஆனால் ஆளைத் தேடி ஓடும் காலி ஓட்டம் அதிகம், இரவும் விடுமுறை நாளும் உங்களுடையதல்ல. சரக்கு வண்டியில் நாலைந்து நிலையான வாடிக்கையாளர்கள் இருந்தாலே மாதம் ஓடிவிடும். ஆனால் ஏற்றி இறக்கும் இடத்தில் காத்துக் கிடக்க வேண்டும், பணமும் தாமதமாக வரும்.

கீழே வரும் கணக்குகளுக்குச் சிறிய சரக்கு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். டாக்சிக்கும் முறை அதேதான், எண்கள்தான் மாறும்.

புது வண்டி எடுக்கட்டுமா, பழையதா? பழையது என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் வண்டிக்கு மூன்று முதல் ஐந்து வருடம் ஓடிய வண்டி போதும் என்பது என் எண்ணம், உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் வகையாக இருந்தால். புது வண்டியின் தவணை உங்களை முதல் மாதத்திலிருந்தே எந்த வாடகைக்கும் தலையாட்ட வைக்கும். மிகப் பழைய வண்டியோ பட்டறையில் நிற்கும் நாட்களில் வாடிக்கையாளரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் சூடாவதற்கு முன்பே போய்விடுங்கள். நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு பதில். குளிர்ந்த இன்ஜினை எடுத்தவுடன் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் நிறத்தில் படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம். ஓடும் இன்ஜினில் அந்த மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியேறக் கூடாது. பிறகு கீழே குனிந்து லீஃப் ஸ்பிரிங்கைப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்திருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்து பழகியது. சேஸியில் வெல்டிங் தழும்பு இருந்தாலும் அப்படித்தான். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் ரப்பரை நம்புங்கள். கடைசியாக, பழைய கடன் அடைந்து பதிவேட்டிலிருந்து நீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஒருவர் பத்து சதவீத வட்டி என்கிறார், இன்னொருவர் பதினைந்து என்கிறார். பத்துதானே லாபம்?

அந்தப் பத்து எந்தப் பத்து என்று கேளுங்கள். நிலையான வட்டி என்றால், அசலில் ஒரு பகுதியைக் கட்டிவிட்ட பிறகும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி ஓடும். 100 கடன், 4 ஆண்டு, 10 சதவீதம் என்றால் வட்டி 40. மொத்தம் 140 கட்டுவீர்கள். மாதத் தவணை 2.92. இதையே குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் மாற்றிப் பார்த்தால் வட்டி 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆகவே குறையும் நிலுவைக்குப் பதினைந்து சொல்பவர்தான் மலிவு.

சதவீதத்தை வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம். இருவரிடமும் ஒரே கேள்வி: கடைசித் தவணை முடியும்போது, கட்டணங்கள் உட்பட, நான் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? கூடவே, இடையில் முழுவதையும் அடைத்தால் என்ன கழிவு அல்லது அபராதம் என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகையை எப்படிச் சொல்வது? எல்லோரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்கிறார்களே, அதையே சொன்னால் போதாதா?

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம். 24 வேலை நாள், நாளுக்கு 150 கிலோமீட்டர், ஆக 3,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் டீசல் 300 லிட்டர். டயருக்காக மாதம் 25 லிட்டர், ஆயில், பிரேக், கிளட்ச் முதலியவற்றுக்காக 45 லிட்டர் ஒதுக்குகிறோம். இவை மூன்றும் வண்டி நகர்ந்தால்தான் ஆகும் செலவு: மொத்தம் 370 லிட்டர். 3,600 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.1 லிட்டர். இது முதல் எண்.

அடுத்தது, வண்டி நகர்ந்தாலும் நின்றாலும் ஆகும் செலவு. தவணை 260 லிட்டர், காப்பீடும் வரியும் உரிமக் கட்டணங்களும் மாதத்துக்குப் பங்கிட்டால் 45, தொலைபேசி, நிறுத்துமிடம் போன்றவை 25, உங்கள் சம்பளம் 300. மொத்தம் 630 லிட்டர். நாளுக்குப் பத்து மணி நேரம் வாடகைக்கு ஓடுவதாக வைத்துக்கொண்டால் மாதம் 240 மணி. ஒரு மணிக்கு 2.6 லிட்டர். இது இரண்டாவது எண்.

இனி எந்த டிரிப் வந்தாலும் கணக்கு ஒன்றுதான்: வீட்டிலிருந்து கிளம்பி, ஏற்றி, இறக்கி, திரும்பும் வரை மொத்தக் கிலோமீட்டரை 0.1-ஆல் பெருக்குங்கள், மொத்த மணியை 2.6-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். அதுதான் உங்கள் அடக்கம். சுங்கக் கட்டணம் தனி. வாடகை அதற்கு மேல் இருக்க வேண்டும். என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; உங்கள் தவணையையும் உங்கள் வண்டியின் மைலேஜையும் வைத்து நீங்களே போடுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

வண்டி என்னுடையது, ஓட்டுவதும் நான். எனக்கு நானே சம்பளம் எழுதிக்கொள்வது வேடிக்கையாக இல்லையா?

எழுதாவிட்டால், வேறொருவரிடம் ஓட்டினால் கிடைக்கும் தொகையைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. மாதக் கடைசியில் கையில் 250 லிட்டர் மிஞ்சினால் லாபம் என்று மகிழ்வீர்கள். பழைய வேலையில் 300 வாங்கினீர்கள் என்றால், தவணைப் பொறுப்பையும் தலையில் சுமந்துகொண்டு 50 குறைவாகச் சம்பாதித்திருக்கிறீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் வேறொருவரை ஓட்டச் சொன்னால் அவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். வாடகையில் அதற்கு இடம் இல்லாவிட்டால் அந்தப் பத்து நாளும் கைக்காசுதான்.

கணக்கு எழுதும் பழக்கமே எனக்கு இல்லை. குறைந்தபட்சம் என்ன எழுதினால் போதும்?

வண்டியிலேயே ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒவ்வொரு டிரிப்புக்கும் நான்கு இடங்களில் மீட்டரைக் குறியுங்கள்: கிளம்பியபோது, ஏற்றியபோது, இறக்கியபோது, திரும்பி நின்றபோது. கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், வாடகை, வந்ததா பாக்கியா. அவ்வளவுதான்.

ஒரு வரியைப் பாருங்கள். காலை 7.10-க்கு மீட்டர் 48,212. சரக்கு ஏற்றிய இடத்தில் 48,230. இறக்கிய இடத்தில் 48,275. மதியம் 2.10-க்குத் திரும்பி நிறுத்தியபோது 48,318. சரக்கோடு ஓடியது 45 கிலோமீட்டர்தான்; போனதும் வந்ததும் காலியாக 61. மொத்தம் 106 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். அடக்கம்: 106-க்கு 10.6 லிட்டர், ஏழு மணிக்கு 18.2, ஆக 28.8 லிட்டர். இந்த ஓட்டுநர் வாங்கிய வாடகை, சரக்கோடு ஓடிய கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வீதம் 22.5. டீசலுக்கு 9 லிட்டர் கூட ஆகவில்லை, கையில் 13-க்கு மேல் நின்றது என்று அவருக்குத் திருப்தி. உண்மையில் அந்தப் பகலில் ஆறு லிட்டருக்கு மேல் இழந்திருக்கிறார். அவர் சொன்ன வீதம் பொதுவாகத் தவறானது அல்ல. காலியும் காத்திருப்பும் குறைவான டிரிப்பில் அதே வீதம் சரியாக வந்திருக்கும்.

நோட்டில் இன்னொரு பக்கம் டீசலுக்கு. ஒவ்வொரு முறையும் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, லிட்டரையும் மீட்டரையும் எழுதுங்கள். முந்தைய நிரப்புதலிலிருந்து ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். வழக்கமான வேலையிலேயே 12 என்பது 11 ஆகக் குறைந்தால் டயர் காற்று, பிடித்து உரசும் பிரேக், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். வண்டி வழியில் நிற்பதற்கு முன் நோட்டு சொல்லிவிடும்.

நீங்கள் சொல்லும் அடக்கத்தைவிடக் குறைவாக எங்கள் ஸ்டாண்டில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

சிலருக்குத் தவணை முடிந்துவிட்டது. சிலருக்குத் திரும்பும் வழியில் நிலையான சரக்கு இருக்கிறது. சிலர் டயரைத் தேய்ந்து நூல் தெரியும் வரை ஓட்டுகிறார்கள், காப்பீட்டைத் தவறவிடுகிறார்கள். இன்னும் சிலருக்குக் கட்டுப்படியாகவே இல்லை. அது அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. முதல் இரண்டு வகையினரோடு எல்லா டிரிப்பிலும் போட்டி போட முடியாது, மற்ற இரண்டு வகையினரோடு போட்டி போடத் தேவையில்லை.

வாடகையைக் குறைப்பதற்குப் பதிலாகக் காலி ஓட்டத்தைக் குறையுங்கள். மேலே போட்ட மாதக் கணக்கில் மொத்தச் செலவு 1,000 லிட்டர். 3,600 கிலோமீட்டரில் சரக்கோடு ஓடுவது 2,000 என்றால், அந்த ஒவ்வொரு கிலோமீட்டரும் அரை லிட்டர் சம்பாதிக்க வேண்டும். அதே ஓட்டத்தில் சரக்கோடு 2,400 ஓடினால் 0.42 போதும். வாடிக்கையாளரிடம் ஆறில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லியும் நீங்கள் நஷ்டப்படவில்லை. வாடிக்கையாளர்களை ஒரே திசையில், ஒரே பகுதியில் சேர்த்துக்கொள்வதன் பலன் இதுதான்.

திரும்பி வரும்போது பாதி வாடகைக்கு லோடு கிடைத்தால் ஏற்றலாமா? ஸ்டாண்டில் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

அந்த வழியில் நீங்கள் எப்படியும் திரும்பத்தான் போகிறீர்கள். ஆகவே முழு அடக்கத்தைப் பார்க்க வேண்டாம். கூடுதலாக ஆகும் செலவை மட்டும் பாருங்கள். ஏற்றவும் இறக்கவும் 20 கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்றால் 2 லிட்டர். இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தால் 5.2. ஆக 7.2 லிட்டருக்கு மேல் எது கிடைத்தாலும் அது லாபம். பாரத்தோடு வருவதால் டீசல் சற்றுக் கூடும், அதற்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் ஐந்தாகி, மறுநாள் அதிகாலையில் நிலையான வாடிக்கையாளருக்குப் போக முடியாமல் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் எத்தனை மணிக்குள் ஏற்றிவிடுவார்கள் என்று முதலில் கேளுங்கள், வாடகையைப் பிறகு பேசுங்கள். இன்னொன்று, திரும்பும் வண்டி என்பதால்தான் இந்த விலை என்று சொல்லிவிட்டு ஏற்றுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முறை நேர்டிரிப்புக்கும் அதே விலையைத்தான் கேட்பார்.

சரக்கு ஏற்ற மூன்று மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். காத்திருப்புக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

அங்கே போய்க் கேட்டால் சுளிக்கத்தான் செய்வார்கள். வாடகை பேசும்போதே சொல்லுங்கள்: ஏற்ற ஒரு மணி, இறக்க ஒரு மணி வாடகையிலேயே அடக்கம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. அதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். மூன்று மணி நேரம் என்பது உங்களுக்கு 7.8 லிட்டர், குறுகிய டிரிப்பின் லாபம் முழுவதும் அதில் போய்விடும்.

போய்ச் சேர்ந்த நேரத்தை வாயிலில் நிற்கும் காவலாளியிடம் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் வந்த நேரம் பற்றிப் பிறகு சண்டை வராது. ஏற்றுகூலி, இறக்குகூலி யாருடையது என்பதையும் அதே செய்தியில் முடித்துவிடுங்கள். "நீங்களும் ஒரு கை பிடியுங்கள்" என்று சொல்லப்படும் இடங்களில், கை பிடித்த பிறகு உடைந்த பொருளுக்கு உங்களைத்தான் காட்டுவார்கள்.

பெரிய கடை ஒன்று மாதம் முழுவதும் வேலை தருவதாகச் சொல்கிறது. பணம் மட்டும் பில் போட்டு 45 நாள் கழித்து. ஒப்புக்கொள்ளலாமா? வேலையை விடும்போது கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

45 நாள் என்பது உண்மையில் 75 நாள். மாதம் முழுவதும் ஓடி, மாதக் கடைசியில் பில் போட்டு, அதன் பிறகு 45 நாள். ஒன்றாம் தேதி ஓட்டிய டிரிப்புக்கான பணம் இரண்டரை மாதம் கழித்து வருகிறது. அதுவரை டீசல்காரரும் தவணைக்காரரும் காத்திருக்க மாட்டார்கள்.

மாதம் 1,000 லிட்டர் செலவு என்றால் இரண்டரை மாதத்தில் 2,500 வெளியே போகும். உங்கள் வேலையில் பாதி ரொக்கம், பாதி இந்தக் கடைக்கு என்றால், ரொக்க வேலையிலிருந்து 1,250 வந்திருக்கும். மீதி 1,250 லிட்டர் உங்கள் கையிருப்பிலிருந்து போக வேண்டும். முழு வேலையும் இந்தக் கடைக்கே என்றால் 2,500. அந்தத் தொகை இல்லாமல் ஒப்புக்கொண்டால், அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்கி அந்தக் கடையின் வியாபாரத்தை நீங்கள் நடத்துகிறீர்கள் என்று பொருள். 15 நாளுக்கு ஒரு பில் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். குறைந்தது டீசல் தொகையையாவது டிரிப் அன்றே வாங்குங்கள்.

கடன் வாடிக்கையாளர் யாரும் இல்லாவிட்டாலும், வேலையை விடும் நாளில் நிலையான செலவுக்கு மூன்று மாதத் தொகை, என் கணக்கில் 1,890 லிட்டர், கையில் இருக்க வேண்டும். முதல் மாதங்களில் 240 மணி நேர வேலை கிடைக்காது. 150 மணிதான் கிடைத்தால் ஒரு மணியின் அடக்கம் 4.2 லிட்டராக ஏறிவிடும். அதை வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது. சேமிப்புதான் ஈடுகட்ட வேண்டும்.

பழைய முதலாளியின் வாடிக்கையாளர்கள் "நீ சொந்தமாக வண்டி எடு, உனக்கே தருகிறோம்" என்கிறார்கள். அது சரியா?

வேலையில் இருந்துகொண்டே அவர்களிடம் விலை பேசுவது சரியல்ல. சம்பளத்துக்குச் சேரும்போது இதைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். விலகிய பிறகு அவர்களாக அழைத்தால் போகலாம். நான் பார்த்தவரை, முதலாளியிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தவர்களுக்குத்தான் அவரிடமிருந்தே முதல் லோடு வந்திருக்கிறது. அவரிடம் வண்டி பற்றாத நாட்களில் வேலை தெரிந்த, நம்பிக்கையான ஆள் தேவைப்படுகிறதே.

இன்னொரு எச்சரிக்கை. "உனக்கே தருகிறோம்" என்று சொல்பவர்களில் பலர், சொந்த வண்டி என்றால் வாடகை குறையும் என்று நினைத்துச் சொல்கிறார்கள். வண்டி எடுப்பதற்கு முன் உங்கள் வாடகையைச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தருவதாகச் சொல்பவர்களை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

என்னிடம் சொந்த உபயோகத்துக்கான கார் இருக்கிறது, காப்பீடும் இருக்கிறது. அதிலேயே சவாரி ஏற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான காப்பீடு பொதுவாக வாடகைக்கு ஓட்டுவதற்குச் செல்லாது. விபத்து நடந்து, பயணி பணம் கொடுத்து வந்தவர் என்று தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ள வழி இருக்கிறது; இழப்பீடு உங்கள் தலையில் விழும். வாடகை வண்டியாகப் பதிவு, அதற்குரிய அனுமதி, அதற்குரிய ஓட்டுநர் உரிமம், வாடகை உபயோகம் என்று தெளிவாக எழுதிய காப்பீடு ஆகியவை முதல் சவாரிக்கு முன்பே வேண்டும்.

சரக்கு வண்டிக்காரர்கள் தவறவிடுவது வேறொன்று. வண்டிக்கான காப்பீடு வண்டிக்கும் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கும்தான். உள்ளே இருக்கும் சரக்குக்கு அல்ல. சரக்குக் காப்பீடு தனி. அதை அனுப்புபவர் எடுத்திருக்கிறாரா, நீங்கள் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஏற்றும்போது பெட்டிகளை எண்ணி, நசுங்கியதும் நனைந்ததும் இருந்தால் சீட்டில் எழுதி, கைபேசியில் படம் எடுத்து, அனுப்புபவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், "உள்ளே பார்க்கவில்லை" என்று எழுதத் தயங்க வேண்டாம்.

ஒரு டன் வண்டி என்றுதான் விற்றார்கள். ஒரு டன் ஏற்றினால் எடைமேடையில் அதிகம் என்கிறார்களே?

வண்டியில் பதிந்திருக்கும் மொத்த எடை வரம்பிலிருந்து காலி எடையைக் கழித்தால்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணமாக வரம்பு 2,500 கிலோ, கம்பெனியிலிருந்து வந்தபோது காலி எடை 1,400 என்றால் மிச்சம் 1,100. அதன்மேல் நீங்கள் மூடிய இரும்புக் கூண்டு கட்டினீர்கள், 200 போயிற்று. ஓட்டுநரும் உதவியாளரும் 140. கயிறு, தார்ப்பாய், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் சேர்ந்து இன்னும் 40 என்றால் சரக்குக்கு 720 கிலோதான். கூண்டு கட்டிய பிறகு ஒருமுறை காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி, அந்தச் சீட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பாரத்துக்குக் கூடுதல் வாடகை தருகிறேன் என்பார்கள். அந்தக் கூடுதலில் டயரும் கிளட்ச்சும் பிரேக்கும் பங்கு கேட்கும். விபத்தானால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அது ஒரு சாக்கு.

செயலியில் சேர்ந்தால் தினமும் சவாரி வரும் என்கிறார்கள். கமிஷன் போனாலும் பரவாயில்லையா?

திரையில் காட்டும் தொகையை மறந்துவிட்டு, வாடகை பற்றிய பதிலில் சொன்ன கணக்கையே போடுங்கள். எட்டு கிலோமீட்டர் சவாரி என்று வைத்துக்கொள்வோம். ஏற்றப் போக நான்கு, இறக்கிவிட்டு அடுத்த சவாரி கிடைக்கும் இடத்துக்கு வர ஐந்து. ஆக 17 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். 1.7-ம் 2.2-ம் சேர்ந்து 3.9 லிட்டர். கமிஷன் கழித்துக் கைக்கு வருவது அதற்கு மேல் இருக்கிறதா? சில நேரங்களில் இருக்கும், பல நேரங்களில் இருக்காது. எந்த நேரத்தில், எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை உங்கள் நோட்டு ஒரு மாதத்தில் காட்டிவிடும். அந்த நேரங்களில் மட்டும் செயலியைத் திறந்து வையுங்கள். சும்மா நிற்கும் நேரத்தை நிரப்ப அது உதவும். தவணை கட்ட அதை மட்டும் நம்பி வண்டி எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

தவணை முடிந்துவிட்டது அண்ணா. இனி அந்த 260 லிட்டரும் லாபம்தானே?

தவணை முடியும்போது வண்டி, வாங்கியபோது இருந்ததைவிட நான்கு வருடம் பழையதாகியிருக்கும். அடுத்த வண்டிக்கான முன்பணம் அந்த 260-லிருந்துதான் வர வேண்டும். தவணைத் தேதியிலேயே அதே தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். முழுவதும் முடியாவிட்டால் பாதியாவது. அதை லாபம் என்று நினைத்து வாடகையைக் குறைத்துவிட்டால், அடுத்த வண்டி வாங்கும்போது பழைய வாடிக்கையாளர்களிடம் வாடகையை ஏற்ற வேண்டியிருக்கும், அது எளிதல்ல.

ஒரு வண்டி நன்றாக ஓடுகிறது. இரண்டாவது வாங்கினால் வருமானம் இரட்டிப்பாகுமா?

உங்கள் சம்பளமான 300 லிட்டர் இரண்டாவது வண்டியில் இன்னொரு ஓட்டுநருக்குப் போய்விடும். ஆகவே இரட்டிப்பாவது அடக்கத்துக்கு மேல் மிஞ்சும் தொகை மட்டும்தான். மாதம் 1,080 லிட்டர் ஈட்டும் வண்டியில் அது 80. அதுவும் அவர் உங்களைப் போலவே ஓட்டினால். மைலேஜ் 12-லிருந்து 11-க்கு இறங்கினாலே மாதம் 27 லிட்டர் கூடுதல் டீசல். மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஓட்டுநர் நான்கு நாள் வராமல் இருந்தால், அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடித்தாலும், தவணைக்கும் காப்பீட்டுக்கும் மற்ற நிலையான செலவுகளுக்கும் ஏறக்குறைய 55 லிட்டர் வேலையில்லாமல் கரையும்.

மேலும், இரண்டு வண்டிக்கு லோடு பிடிக்க உங்கள் நேரம் தொலைபேசியில் போகும். நீங்கள் ஓட்டும் வண்டியின் மணி நேரம் குறையும். அதனால் நான் சொல்வது இது: மூன்று மாதம் தொடர்ந்து, வண்டி இல்லாமல் நீங்கள் திருப்பி அனுப்பிய டிரிப்புகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தூரத்தோடும் மணியோடும் வாடகையோடும் எழுதுங்கள். அவை மாதத்துக்கு 200 மணியைத் தொட்டு, அடக்கத்துக்கு மேலும் நின்றால் வண்டி பாருங்கள். தொடாவிட்டால், அந்த நாட்களில் ஸ்டாண்டில் தெரிந்த ஒருவரின் வண்டியை அனுப்பி ஒரு சிறு கமிஷன் வாங்கிக்கொள்வதே மேல்.